பில்டர் அனுப்பிய ஒப்புதல் கடிதம்: காரைக்குடியில் நாங்கள் கணக்குப் பார்த்த விதம்

காரைக்குடியில் நாங்கள் வாங்கிய அடுக்குமாடி வேலை பாதியில் இருக்கும்போது பில்டரிடமிருந்து பதிவுத் தபால் வந்தது. "குடியிருப்போரின் வசதிக்காக" திட்ட வரைபடம் திருத்தப்படுகிறதாம், இணைத்துள்ள படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமாம், 15 நாளில் பதில் வராவிட்டால் சம்மதித்ததாக எடுத்துக்கொள்வார்களாம். வரைபடம் மட்டும் இணைக்கப்படவில்லை.

கடைசி வரிதான் பலரைப் பயமுறுத்தியது. ஆனால் ரியல் எஸ்டேட் துறைக்கான ரெரா சட்டம் பிரிவு 14(2) கேட்பது வீடு வாங்கியவர்களில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்குப் பேர் முன்கூட்டியே எழுத்தில் தரும் சம்மதம், அதனால் பேசாமல் இருப்பது சம்மதமாகாது. இருந்தாலும் நான் சும்மா இருக்கவில்லை. "பழைய அங்கீகரித்த வரைபடம், புதிய வரைபடம், இரண்டுக்குமான பரப்பளவுக் கணக்கு மூன்றும் தாருங்கள், பார்க்காமல் சம்மதம் இல்லை" என்று பதிவுத் தபாலிலேயே பதில் போட்டேன். பழைய வரைபடத்தை rera.tn.gov.in தளத்தில் எங்கள் திட்டப் பதிவு எண்ணைக் கொண்டு எடுத்துவிடலாம், அதை பில்டர் தருவதோடு ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

புதியது கைக்கு வந்ததும் விஷயம் புரிந்தது. நாலு மாடி, மாடிக்கு 9 வீடு, மொத்தம் 36 என்பதுதான் நாங்கள் வாங்கியது. இப்போது ஐந்தாவது மாடி, இன்னும் 9 வீடு. கீழ்த்தளத்துப் பொது ஹால் இரண்டு கடையாகிறது, பிள்ளைகள் விளையாடும் இடம் கார் நிறுத்தமாகிறது, மொட்டைமாடியில் ஒரு பகுதி ஐந்தாம் மாடிக்காரர்களுக்கே தனி உரிமை. ஜெனரேட்டர் அறை இடம் மாறுவது மட்டும்தான் உண்மையிலேயே எங்கள் வசதிக்கு.

பெரிய அடி நிலத்தில். மனை 40 சென்ட், அதாவது 17,424 சதுர அடி. எல்லா வீடும் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால் ஆளுக்கு 484 சதுர அடி யுடிஎஸ், அதாவது நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு. இதை 45 வீட்டுக்குப் பிரித்தால் 387 தான் மிஞ்சும், கிட்டத்தட்ட 97 சதுர அடி போகிறது. எங்களுக்கோ 484 ஏற்கெனவே கிரயப் பத்திரத்தில் பதிவாகிவிட்டது. பதிவான நிலத்தைச் சாதாரண ஒப்புதல் கடிதத்தால் குறைக்க முடியாது, நாங்களே கையெழுத்திட்டு இன்னொரு பத்திரம் பதிய வேண்டும். படிவத்தின் நடுவில் "தேவைப்படும் திருத்தப் பத்திரங்களில் கையொப்பமிட இசைகிறேன், எதிர்கால மாற்றங்களுக்கும் இது பொருந்தும்" என்று ஒரு வரி ஏன் இருந்தது என்பது அப்போதுதான் விளங்கியது. வீட்டுக்கடன் வாங்கியவர்கள் வங்கியைக் கேட்காமல் அந்த வரிக்குப் பக்கத்திலேயே போகக்கூடாது, அடமானத்தில் இருப்பது அந்த நிலமும்தான்.

இதற்குள் பில்டரின் மேனேஜர் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, "சார், 36-ல 24 வந்தாச்சு, மூணுல ரெண்டு பங்கு முடிஞ்சது, நீங்க போட்டாலும் போடாட்டியும் ஒண்ணுதான்" என்று சொல்ல ஆரம்பித்தார். ஒருவர் போடாவிட்டால் எதுவும் நிற்காது என்றால் அந்த ஒருவருக்கு இத்தனை போன் எதற்கு?

உட்கார்ந்து எண்ணினோம். 24-ல் ஆறு, விற்காமல் பில்டர் கையிலேயே இருக்கும் வீடுகள், அவற்றை எண்ணவே கூடாது. மீதி 18-ல் நாலு ஒரே குடும்பத்துடையவை. பிள்ளைகள் மலேசியாவில், நாலும் இங்கே இருக்கும் ஆச்சி பேரிலேயே, அவரே நாலுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். ஒருவர் தன் பேரிலோ தன்னைச் சார்ந்த குடும்பத்தார் பேரிலோ எத்தனை வீடு எடுத்தாலும் சட்டப்படி ஒரே ஒதுக்கீட்டாளர், அதாவது ஒரே ஆள். ஆச்சியிடம் சொன்னதும் சட்டென்று பிடித்துக்கொண்டார்: "அப்படின்னா வீட்டை எண்ணல தம்பி, புள்ளியை எண்ணுறாக. நகரக் கோயில் வரி மாதிரி." அதேதான், நகரத்தார் கோயில் வரியில் ஒரு குடும்பத்துக்கு ஒரு புள்ளி என்றுதான் கணக்கு. விற்றது 30 வீடு, அந்த நாலை ஒன்றாக்கினால் 27 பேர், மூன்றில் இரண்டு 18. கையெழுத்திட்டதோ 15 பேர். மூன்று குறைகிறது.

இதை ஒரே தாளில் எழுதி, இன்னும் போடாத 12 பேரும் கையெழுத்திட்டு, பில்டருக்கு நேரில் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கினோம். ஆச்சி தன் சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாகத் தனிக் கடிதமும் கொடுத்தார்.

அப்புறம் போன் நின்றது. கொஞ்ச நாள் கழித்து வேறு படிவம் வந்தது. ஐந்தாவது மாடி அதில் இல்லை, "எதிர்கால மாற்றங்கள்" வரியும் இல்லை. ஜெனரேட்டர் அறைக்குச் சம்மதம், ஹாலைக் கடையாக்குவதற்குச் சம்மதமில்லை என்று தனித்தனியாக எழுதி, வரைபடத்தின் தேதியையும் எண்ணையும் குறிப்பிட்டு, ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துப் போட்டு நகல் எடுத்துக்கொண்டு கொடுத்தேன். ஹால் பற்றி இன்னும் பேச்சு நடக்கிறது, ஒரு கடையாவது வேண்டும் என்கிறார் பில்டர்.