ராஜினாமாவுக்குப் பிறகு வந்த எட்டாயிரம் ரேண்ட்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சரக்குகளைச் சுங்கத்தில் விடுவித்து அனுப்பிவைக்கும் ஒரு கிளியரிங் அண்ட் ஃபார்வர்டிங் கம்பெனியில் இறக்குமதிப் பிரிவைப் பல வருடம் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலையை விடுவது என்று முடிவானதும், கடிதம் எழுதுவதற்கு முன்னால், ஏன் விடுகிறேன் என்பதை ஒரு தாளில் எழுதி வைத்தேன். ராஜினாமா கொடுத்தவரைத் தக்கவைக்கக் கம்பெனி கூட்டித் தரும் கவுன்டர் ஆஃபர் வந்தபோது அந்தத் தாள்தான் கைகொடுத்தது. மேனேஜர் எதிரே உட்கார்ந்து, "உன்னை விட முடியாது, என்ன வேண்டும் சொல்" என்று கேட்கும்போது மனசு இளகிவிடுகிறது. ஆறு மாதமாக அரித்துக்கொண்டிருந்த காரணம் அந்த நேரத்தில் சின்னதாகத் தெரிகிறது.

தாளில் முதலில் இருந்தது இரவு போன். டர்பன் துறைமுகத்தின் பியர் 2 கன்டெய்னர் டெர்மினலுக்கு லாரி போக முன்பதிவு நேரம் உண்டு. ராத்திரி இரண்டு மணிக்கு நேரம் கிடைத்தால் டிரைவர் இரண்டு மணிக்குத்தான் போவார். அங்கே போன பிறகு கன்டெய்னரை எடுப்பதற்கான ரிலீஸ் ஏறவில்லை என்றோ, சுங்கத்துறை நிறுத்திவைக்கும் கஸ்டம்ஸ் ஸ்டாப் விழுந்திருக்கிறது என்றோ சொன்னால் அவர் கூப்பிடுவது என்னைத்தான். அந்த நேரம் கைவிட்டுப் போனால் அடுத்த முன்பதிவு எப்போது கிடைக்கும் என்று தெரியாது. இலவச நாட்கள் தாண்டினால் ஸ்டோரேஜ் பில் ஏறும், வாடிக்கையாளர் காலையில் என்னிடம்தான் சண்டைக்கு வருவார். 2023 நவம்பரில் அறுபதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் டர்பனுக்கு வெளியே நங்கூரமிட்டு நின்றபோது எல்லாருக்கும் தூக்கம் போயிற்று, அது வேறு. நெரிசல் குறைந்த பிறகும் எங்கள் பிரிவில் இரவுக்கு முறை போடவில்லை. எல்லா இரவும் என் இரவாகவே இருந்தது.

இரண்டாவது காரணம் இதிலிருந்து கிளைத்தது. என்னைப் போல இன்னொரு கன்ட்ரோலரை எடுப்பதாகச் சொல்லியே காலம் ஓட்டினார்கள். சம்பளம் தாளில் மூன்றாவதாகத்தான் இருந்தது.

கவுன்டர் ஆஃபர் கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: மாதம் 42,000 ரேண்டாக இருந்த மொத்த பேக்கேஜ் 50,000 ஆகும், பதவிப் பெயரில் 'சீனியர்' சேரும், வரும் மார்ச் மாத உயர்வும் இதிலேயே அடக்கம்.

எட்டாயிரம் என்பது பெரிய தொகைதான். ஆனால் இங்கே பேசப்படுவது கம்பெனிக்கு நம்மால் ஆகும் மொத்தச் செலவு, கைக்கு வரும் பணம் அல்ல. என் பேக்கேஜில் 15 சதவீதம் பிராவிடன்ட் ஃபண்டுக்குப் போகும். எட்டாயிரத்தில் அது 1,200. மீதி 6,800. 2025-26 வரி அட்டவணையில் ஆண்டு வருமானம் 3,70,501 முதல் 5,12,800 ரேண்ட் வரை 31 சதவீதம். பழைய சம்பளமும் புதிய சம்பளமும், ஃபண்டைக் கழித்தால், அந்த வரம்புக்குள்ளேயே வந்தன. வரி 2,108 போக, மாதம் சுமார் 4,690 கைக்கு வரும்.

அப்புறம் கடிதத்தில் மார்ச் உயர்வு பற்றிய அந்தக் கடைசி வாசகம். ஒவ்வொரு மார்ச்சிலும் எனக்கு 6 சதவீதம் போல ஏறும். 42,000-க்கு அது 2,520. நான் பேசாமல் இருந்தாலும் வந்திருக்க வேண்டிய பணம் அது. அதைக் கழித்தால் ராஜினாமா செய்ததற்காகக் கூடியது 5,480, கைக்கு மாதம் 3,200 சொச்சம். போகவிருந்த கம்பெனி தருவதாகச் சொன்னதும் கிட்டத்தட்ட இதே அளவு உயர்வுதான். ஆக, பணத்தை வைத்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வழியில்லை.

வீட்டில் இந்தக் கணக்கையெல்லாம் விளக்கினேன். என் மனைவி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க, ராத்திரி போன் நிக்குமா?" என்றாள். கடிதத்தில் அதற்குப் பதில் இல்லை.

இங்கேதான் தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். வேலை நேர வரம்பு, ஓவர்டைம், ஓய்வு நேரம் பற்றிய அடிப்படை வேலைச் சட்டத்தின் விதிகள் ஒரு வருமான அளவுக்குக் கீழே இருப்பவர்களுக்குத்தான் பொருந்தும். 2025 ஏப்ரலில் அந்த அளவு ஆண்டுக்கு 2,61,748.45 ரேண்டாக இருந்தது. என் சம்பளம் அப்போது அதற்கு ஏறக்குறைய இரு மடங்கு. அதனால் ராத்திரி எத்தனை போன் வந்தாலும் அதற்குத் தனிக் காசு கொடு என்று அந்தச் சட்டத்தை வைத்துக் கேட்க முடியாது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் உண்டு, எழுதாவிட்டால் இல்லை. 'சீனியர்' என்று பெயர் மாறினால் எதிர்பார்ப்பு கூடும், உரிமை கூடாது.

ஆகவே மேனேஜரிடம் பணத்தைப் பற்றிப் பேசவில்லை. இரண்டு விஷயம் எழுத்தில் கேட்டேன்: இரவுப் பொறுப்பு சுழற்சி முறையில் வர வேண்டும், இரண்டாவது கன்ட்ரோலருக்கான விளம்பரம் என் நோட்டீஸ் முடிவதற்குள் வெளியாக வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவருக்குச் சட்டப்படி நான்கு வார நோட்டீஸ். மனம் இருந்தால் ஒரு விளம்பரம் போட அந்த நான்கு வாரம் தாராளம். அவர் தலைமை அலுவலகத்தில் பேசினார். அவர் முயற்சி செய்தார் என்றே இன்றும் நம்புகிறேன். வந்த பதில்: சம்பளத்துக்கு ஒப்புதல் உண்டு, புதிய ஆளுக்கு இல்லை, ஜூனுக்குப் பிறகு பார்க்கலாம். "நாமே உள்ளுக்குள் சரிசெய்துகொள்ளலாம்" என்றார். அதை எழுதித் தர அவருக்கு அதிகாரம் இல்லை.

மறுத்துவிட்டேன்.

கவுன்டர் ஆஃபரை ஏற்பவர்கள் எல்லாரும் ஏமாறுகிறார்கள் என்று சொல்ல வரவில்லை. அதே அலுவலகத்தில் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்த நண்பர் ஒருவர் ராஜினாமா கொடுத்தார். அவருக்குப் பிறகு அதே வேலைக்கு வந்தவருக்கு அவரைவிட அதிகச் சம்பளம் என்று தெரிந்ததுதான் காரணம், வேறு குறை எதுவும் இல்லை. கம்பெனி அந்த வித்தியாசத்தை அடுத்த மாதமே சரிசெய்தது, அவர் தங்கினார். அவர் தங்கியது சரி என்றே நினைக்கிறேன். அவர் காரணம் பணம், கிடைத்ததும் பணம். சேவைக் காலம் அறுபடாததும் அவருக்கு லாபம்: பின்னாளில் ஆட்குறைப்பு வந்தால் முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் குறைந்தது ஒரு வாரச் சம்பளம் இழப்பீடு. புதிய இடத்தில் அந்த எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும்.

அவர் ஒரு காரியத்தைக் கவனமாகச் செய்தார். கொடுத்த ராஜினாமாவை நாமாகத் திரும்பப் பெற முடியாது, முதலாளி சம்மதிக்க வேண்டும். "இருக்கிறேன்" என்று வாயால் சொல்லிவிட்டு மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போவது ஆபத்து. பிறகு பிரச்சினை என்று வந்தால் கோப்பில் இருப்பது ராஜினாமா கடிதம் மட்டுமே. ராஜினாமா திரும்பப் பெறப்பட்டதைக் கம்பெனி ஏற்கிறது, சேவை தொடர்கிறது, புதிய சம்பளம் இந்தத் தேதி முதல் என்று கையெழுத்தோடு வாங்கிய பிறகுதான் அவர் புதிய இடத்துக்கு வரவில்லை என்று சொன்னார். அங்கே அவர் இன்னும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. போட்டிருந்தால் விலகுவது ஒப்பந்த மீறலாகியிருக்கும்.

எனக்கு இங்கே நிரந்தர வசிப்புரிமை இருப்பதால் இவ்வளவு நிதானமாக யோசிக்க முடிந்தது. பொது வேலை விசாவில் இருப்பவர்களுக்கு விசாவே ஒரு முதலாளியின் பெயரில் கட்டுண்டது. புதிய விசா கைக்கு வரும்வரை ராஜினாமா பேச்சையே எடுக்கக்கூடாது.

புதிய கம்பெனி உம்லாங்காவில். ஒப்பந்தம் கைக்கு வந்ததும் சம்பளப் பக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இரவுப் பொறுப்பு எங்கே இருக்கிறது என்று தேடினேன். மூன்று வாரத்துக்கு ஒரு வாரம், அதற்கென்று தனிப்படி, மற்ற இரண்டு வாரமும் போன் வேறொருவருடையது என்று எழுதியிருந்தது. பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.