நூறு கிராம் இஞ்சிக்கு நூறு கிராம் பாட்டில்

தீபாவளிக்கு மொத நாள் சாயந்தரம் கேஎல்ல ஒருத்தனுக்கு பார்க்கிங் கெடச்சா அவன் அந்த காரை திருப்பி எடுக்க மாட்டான், வீட்டுல யாருக்கு என்ன ஆனாலும் சரி. செந்தூல்ல எங்க ஃப்ளாட்டுக்கு கீழ என் தம்பிக்கு அப்படி ஒரு இடம் கெடச்சிருச்சி, அதான் அன்னிக்கு நடந்த எல்லாத்துக்கும் மூல காரணம்.

அவன்கிட்ட நான் அனுப்புன லிஸ்ட் ரொம்ப சிம்பிள் லா. இஞ்சி 100 கிராம், பூண்டு 100 கிராம், கொத்தமல்லி ஒரு கட்டு, புதினா ஒரு கட்டு. மறுநாள் ஓப்பன் ஹவுஸுக்கு ரெண்டு கிலோ மட்டன் பெரட்டல், பெரியம்மா ரெசிபி. மட்டன் வெட்டி கழுவி ரெடியா இருக்கு, வெங்காயம் நறுக்கியாச்சி, அரைக்க மட்டும்தான் பாக்கி. இவன் வந்து பையை கவுத்தா உள்ள இஞ்சியும் இல்ல பூண்டும் இல்ல, வரிசையா பாட்டிலு. இஞ்சி பவுடர் ஐம்பது கிராம் பாட்டில் ரெண்டு, பூண்டு பவுடர் ஐம்பது கிராம் பாட்டில் ரெண்டு, காஞ்ச கொத்தமல்லி இலை ஒரு பாட்டில், காஞ்ச புதினா ஒரு பாட்டில். பசார்ல ஒரே கூட்டமாம், அதான் சூப்பர்மார்க்கெட்ல போய் "க்ளீனா" வாங்கிட்டு வந்துட்டாராம் தொரை.

"நீ கேட்ட அளவு கரெக்டா இருக்குக்கா, நூறு நூறு. தோல் சீவுற வேலையும் இல்ல"ன்னு சொல்லிட்டு ஒரு பாட்டில் மூடியை வேற தொறந்துட்டான். அவன் அக்கவுண்ட்ஸ்ல வேலை செய்றவன், நூறுன்னா நூறுதான் அவனுக்கு. நான் கையை புடிச்சி நிறுத்தலன்னா அன்னிக்கு நாங்க மட்டன் பெரட்டல் இல்ல, பிரசவ மருந்துதான் கிண்டி இருப்போம்.

திரும்ப போய் வாங்கிட்டு வாடான்னா கார் சாவியை பாக்கெட்ல போட்டுக்கிட்டு "பார்க்கிங் போயிரும்க்கா"ன்றான். பக்கத்து வீட்டு அக்காகிட்ட கேக்கலாம்னா அவங்க கோயிலுக்கு போயிருக்காங்க. சரின்னு பட்டர்வொர்த்துல இருக்கிற பெரியம்மாவுக்கு ஃபோனை போட்டு ஸ்பீக்கர்ல வெச்சேன். அவங்க முப்பது வருசமா கல்யாண வீட்டுக்கு சமைச்சவங்க, திட்டிட்டே கணக்கு சொல்லுவாங்க.

இதுக்கு நடுவுல தம்பிக்கு ஒரு ஞானோதயம். "சரிக்கா, பச்சை இஞ்சில எம்பது பெர்சண்ட் தண்ணி, அப்ப நூறு கிராமுக்கு இருபது கிராம் பவுடர் போட்டா சரியா வந்துரும்ல?" கேக்க நல்லா இருக்கு, தண்ணி கணக்கும் சரிதான். ஆனா பெரியம்மா அந்தப் பக்கம் இருந்து "டேய், அதுவும் சாஸ்திடா"ன்னு ஒரே போடு.

ஏன்னா இஞ்சி காயும்போது தண்ணி மட்டும் போறதில்ல, அதுல இருக்கிற காரமே வேற காரமா மாறிருது. பச்சை இஞ்சில காரம் தர்றது ஜிஞ்சரால், காய வெச்சா அதுல ஒரு பங்கு ஷோகாலா மாறும், அது இன்னும் சுருக்குன்னு தொண்டையை புடிக்கும். சுக்கு காப்பி குடிக்கும்போது தொண்டைல எரியுதே, அதேதான். இன்னொன்னு, இஞ்சியை அரைச்சி போட்டா நார்லயும் சக்கைலயும் கொஞ்சம் தங்கிரும், மாவு மாதிரி இருக்கிற பவுடர்ல இருக்கிறது அத்தனையும் குழம்புக்குள்ள எறங்கிரும். அதனால சமையல்ல தண்ணி கணக்கை விட ரொம்ப கம்மியாதான் போடுவாங்க.

பெரியம்மா சொன்ன கணக்கு இது. துருவுன பச்சை இஞ்சி ஒரு டேபிள்ஸ்பூனுக்கு பவுடர் கால் டீஸ்பூன். துருவுன இஞ்சி ஒரு டேபிள்ஸ்பூன் கிட்டத்தட்ட ஆறு கிராம் இருக்கும், அப்ப நூறு கிராம்னா பதினாறு ஸ்பூன் சொச்சம், பதினாறு கால் எவ்ளோ? நாலு டீஸ்பூன். நிறுத்துப் பாத்தா ஏழு கிராம்தான் வரும். தம்பி கொட்ட இருந்தது நூறு. அவன் ஃபோன்ல கால்குலேட்டர்ல போட்டு பாத்துட்டு "பதினாலு மடங்குக்கா"ன்னு மெதுவா சொன்னான், அதுக்கு அப்புறம் கொஞ்ச நேரம் பேசல, வீடு அமைதியா இருந்துச்சி.

பூண்டுக்கு ஒரு பல்லுக்கு எட்டுல ஒரு பங்கு டீஸ்பூன் பவுடர். இங்கதான் ஒரு சிக்கல், பல்லுன்னா எந்த பல்லு? ஊர்ப் பூண்டு சின்னதா இருக்கும், இங்க நாம வாங்குற சைனா பூண்டுல ஒரு பல்லே ரெண்டு பல்லு சைஸ் இருக்கும். ரெசிபில சொல்றது மூணு கிராம் பல்லு. அதான் பெரியம்மா எப்பவும் பல்லுல சொல்லாம கிராம்ல சொல்லுவாங்க. நூறு கிராமுக்கு முப்பத்திமூணு பல்லு, எட்டால வகுத்தா இதுவும் நாலு டீஸ்பூன் சொச்சம்தான். ரெண்டும் நாலு நாலுன்னு வந்ததுல தம்பிக்கு ஒரு சந்தோஷம், டேலி ஆயிருச்சாம்.

"ஆனா நாலையும் மொத்தமா போட்றாத. மூணு போடு, கறி வெந்ததும் நாக்குல வெச்சி பாத்துட்டு மிச்சத்தை போடு"ன்னாங்க. போட்டதை திரும்ப எடுக்க முடியாதில்ல. சாஸ்தியானா எப்படி தெரியும்னு கேட்டதுக்கு, முழுங்குன அப்புறம் தொண்டைல கசப்பா நின்னா இஞ்சி பவுடர் அதிகம், நாக்கு நுனில பாக்கெட் சிப்ஸ் மாதிரி வாசம் ஒட்டிக்கிட்டா பூண்டு பவுடர் அதிகம்னாங்க. இத விட தெளிவா யாரும் சொல்ல முடியாது.

அடுத்தது எண்ணெய். நான் வழக்கம்போல வெங்காயம் வதக்கி அதுல பவுடரை தூவலாம்னு ஸ்பூனை தூக்குன சத்தம் கூட கேட்டிருக்கும் போல அவங்களுக்கு, "நேரா போடாத பாப்பா"ன்னு கத்துனாங்க. அரைச்ச விழுதுல தண்ணி இருக்கு, அதனால அஞ்சு நிமிசம் வதக்குனாலும் தாங்கும், பச்சை வாசம் போய் எண்ணெய் பிரிய நமக்கு நேரம் கெடைக்கும். பவுடர்ல தண்ணி இல்ல, சூடான எண்ணெய்ல விழுந்த ஒடனே கருகிரும், பூண்டு பவுடர் கருகுனா வர்ற கசப்பை எந்த தேங்காப்பாலும் மறைக்காது. அதனால ரெண்டு பவுடரையும் ஒரு கிண்ணத்துல போட்டு தண்ணி விட்டு தோசை மாவை விட கெட்டியா கொழச்சி பத்து நிமிசம் ஊற விடணும். ஊறுனா பூண்டு வாசம் கொஞ்சம் முழிச்சிக்கும், கட்டியும் தட்டாது. அப்புறம் தீயை கொறச்சி, வெங்காயம் நல்லா செவந்த பின்னாடி போட்டு, அரை நிமிசம் கெளறி ஒடனே மசாலாவும் கறியும். எண்ணெய் பிரியட்டும்னு பாத்துக்கிட்டு நின்னா போச்சி.

கொழச்சி பாத்தா ஒரு சின்ன கிண்ணத்துல அடியில ஒட்டிக்கிட்டு இருக்கு. பச்சையா அரைச்சிருந்தா இருநூறு கிராம் விழுது, பெரிய கிண்ணம் ரொம்பி இருக்கும். பெரட்டல்ல மசாலா கறி மேல கெட்டியா ஒட்டி நிக்குதுன்னா அதுல பாதி இந்த விழுதுதான். பவுடர் ருசியை குடுக்கும், அந்த ஒடம்பை குடுக்காது. அதுக்கு ரெண்டு பம்பாய் வெங்காயம் கூட அரைச்சி ஊத்த சொன்னாங்க. தம்பியை உரிக்க விட்டேன், "தோல் சீவுற வேலை இல்ல"ன்னு சொன்ன அதே வாய் மூக்கை உறிஞ்சிக்கிட்டே உரிச்சிச்சி.

கறி வேகுறதும் லேட்டாகும்னு அவங்க முன்னாடியே சொல்லிட்டாங்க. பச்சை இஞ்சில இறைச்சியை மெதுவாக்குற ஒரு என்சைம் இருக்கு, ஊற வெக்கும்போது அதுதான் வேலை செய்யும், பவுடர்ல அதை எதிர்பாக்க முடியாது. எங்களது ஃப்ரோசன் ஆஸ்திரேலியா மட்டன் வேற. தயிர்ல ஊற வெச்சோம், குக்கர்ல வழக்கத்தை விட கூட கொஞ்ச நேரம் விட்டோம்.

இப்ப பாட்டில் இலைங்க. பச்சை மூணு பங்குக்கு காஞ்சது ஒரு பங்குன்னு ஒரு பொதுக்கணக்கு இருக்கு, அதாவது நறுக்குனது ஒரு டேபிள்ஸ்பூனுக்கு காஞ்சது ஒரு டீஸ்பூன். புதினாவுக்கு இது சரியா வரும், காஞ்சாலும் அதுல வாசம் நிக்கும். பச்சையை கடைசில தூவுவோம், காஞ்சதை கறி வேகும்போதே போட்றணும், அப்பதான் நனைஞ்சி எறங்கும். கொத்தமல்லி இலைக்கு இந்த கணக்கே கெடையாது. நான் பாட்டிலை தொறந்து மோந்து பாத்தேன், தம்பி மோந்து பாத்தான், ஃபோன்ல பெரியம்மா "என்ன வாசம் வருது?"ன்றாங்க, "அட்டைப்பெட்டி வாசம் பெரியம்மா"ன்னான். காயும்போதே அந்த வாசம் பறந்துரும், மூணுக்கு ஒண்ணு என்ன, மூணுக்கு முப்பது போட்டாலும் வராது. அதை ஓரமா வெச்சிட்டு கீழ கார்ப்பார்க் ஓரம் இருக்கிற கருவேப்பிலை மரத்துல ஒரு கொத்து ஒடிச்சி தாளிச்சோம். பச்சை இஞ்சில லேசா எலுமிச்சை மாதிரி ஒரு வாசம் வரும் பாருங்க, அதுவும் பவுடர்ல காணோம், அதுக்கு எறக்குனப்புறம் ரெண்டு லீமாவ் கஸ்தூரி புழிஞ்சோம். அதே வாசம்னு சொல்ல மாட்டேன், ஆனா பெரட்டல் கொஞ்சம் முழிச்சிக்கிச்சி.

கறி வெந்ததும் ருசி பாத்தேன். பூண்டு போதும், இஞ்சி மட்டும் அரை டீஸ்பூன் தண்ணில கொழச்சி கூட போட்டேன், நாலாவது ஸ்பூன் முழுசா தேவைப்படல.

எல்லாம் எறக்கி வெச்ச அப்புறம் பக்கத்து வீட்டு அக்கா கோயில்ல இருந்து வந்து கதவை தட்டி, "இஞ்சி பூண்டு கேட்டியாமே"ன்னு கடை பேஸ்ட் ஒரு பாட்டில் நீட்டுறாங்க. தம்பி பாஞ்சி போய் வாங்கி "இது இருநூறு கிராம் இருக்கு, இதையும்..."ன்னு ஆரம்பிச்சான். அக்கா அவன் கையில இருந்து திருப்பி வாங்கிட்டு பாட்டில் பின்பக்கத்தை காட்டுனாங்க, இஞ்சி, பூண்டு, அதுக்கு அப்புறம் உப்பு, எண்ணெய், புளிப்புக்கு சிட்ரிக் ஆசிட். "நான் இது போடுற அன்னிக்கு உப்பு டப்பாவையே தொறக்க மாட்டேன் தம்பி, கறி வெந்த பின்னாடி பாத்துதான் போடுவேன். தக்காளியும் பாதிதான். ஒரு பல்லுக்கு அரை டீஸ்பூன்னு ஆரம்பிச்சி பாத்துக்க, எல்லா பாட்டிலும் ஒரே மாதிரி இருக்காது."

தம்பி ரொம்ப பவ்யமா தலையாட்டிட்டு, அவங்க போனதும் என்கிட்ட வந்து "அக்கா, இன்னும் தொண்ணூறு கிராமுக்கு மேல இஞ்சி பவுடர் மிச்சம் இருக்கு, பன்னெண்டு வெள்ளி பில்லு, யார் தர்றது?"ன்னு கேட்டான்.