குரலை டிவிக்குள் விடாதீர்கள்: பாட்டுத் தேர்வுக்கு வீட்டில் கரோக்கி வைத்துப் பழகிய அனுபவம்

டர்பனில் எங்கள் சாட்ஸ்வர்த் பக்கம் மாலை நேரத் தமிழ் வகுப்பில் ஆண்டு முடிவில் பாட்டுத் தேர்வும் உண்டு. ஒரு பக்திப் பாடல், ஒரு மெல்லிசை. பக்கவாத்தியம் கிடையாது, பதிவு செய்த இசையை ஸ்பீக்கரில் போடுவார்கள், அதோடு சேர்ந்து பாட வேண்டும். போன வருடம் நான் அதற்காக ஆறு வாரம் வீட்டில் ஸ்மார்ட் டிவியில் கரோக்கி ஆப் போட்டு, ப்ளூடூத் மைக்கில் பாடிப் பழகினேன். மாதிரித் தேர்வில் பாடி முடித்ததும் டீச்சர் சொன்னது ஒரே வரி: "சுருதி நல்லா இருக்கும்மா, ஆனா தாளத்துக்குப் பின்னாலேயே வர்றே."

அதற்கு முன் வகுப்பில் மைக் இல்லாமல் பாடும்போது அந்தக் குறை எனக்கு இருந்ததில்லை. அதனால் வீட்டில் பழகிய விதத்தில்தான் ஏதோ தப்பு என்று தோன்றியது. கோயில் விழாக்களுக்கு மைக் செட் கட்டும் என் மாமாவை வரச் சொன்னேன். காவடிக் கூட்டத்தில் ஒலிபெருக்கி கட்டிக் கட்டிக் காது பழகியவர் அவர். அவர் செய்த முதல் சோதனையை அப்படியே எழுதுகிறேன், யாரும் வீட்டில் செய்து பார்க்கலாம்.

இசையை நிறுத்திவிட்டு, மைக்கை மட்டும் ஓடவிட்டு, அதன் வலைத் தலையை விரல் நகத்தால் ஒரு தடவை தட்டினார். நகம் படும் "டக்" கைக்கு அருகிலேயே கேட்டது. கொஞ்சம் இடைவெளி விட்டு டிவிப் பக்கமிருந்து இன்னொரு "டக்". இரண்டும் தனித்தனியாக எண்ண முடிகிற அளவுக்குப் பிரிந்திருந்தன. அப்புறம் போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, மைக்குக்கு அருகில் போனை வைத்து மறுபடி தட்டினார். பதிவை ஒலி எடிட் செய்யும் ஆப்பில் பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டு கூரான முனைகள். நடுவில் 0.17 விநாடி.

இது எவ்வளவு பெரிய தாமதம் என்று நான் பாடிய பாட்டிலேயே கணக்குப் போட்டோம். பாட்டு நிமிடத்துக்கு 90 தட்டு வேகம். அதாவது ஒரு தட்டுக்கு 0.67 விநாடி. சதுச்ர நடையில் அதை நாலாகப் பிரித்தால் ஒரு மாத்திரை கிட்டத்தட்ட 0.17 விநாடி. என் குரல் சரியாக ஒரு மாத்திரை தாமதமாக என் காதுக்கு வந்துகொண்டிருந்தது. "தகதிமி"யில் நான் "க" சொல்லும்போது ஸ்பீக்கர் "த" சொல்கிறது. தன் குரலையே இந்த அளவு தாமதத்தோடு கேட்டால் மனிதருக்குப் பேச்சே தடுமாறும், இழுபடும். 0.2 விநாடியை ஒட்டிய தாமதத்தில்தான் அந்தத் தடுமாற்றம் மிக அதிகம். நானும் ஸ்பீக்கரில் வரும் குரலுக்காக என்னை அறியாமல் காத்திருந்து, ஒவ்வொரு வரியையும் கொஞ்சம் இழுத்துப் பழகிவிட்டேன். ஆறு வாரப் பழக்கம் வகுப்பிலும் கூடவே வந்துவிட்டது.

இந்தத் தாமதம் எங்கிருந்து வருகிறது? குரல் மைக்கில் எண்களாக மாறி, ப்ளூடூத்துக்காகச் சுருக்கப்பட்டு, டிவியில் விரிக்கப்பட்டு, ஆப்புக்குள் போய், இசையோடு கலந்து, டிவியின் ஒலிச் செயலி வழியாக சவுண்ட்பாருக்குப் போகிறது. ஒவ்வொரு இடமும் ஒலியைக் கொஞ்ச நேரம் சேர்த்து வைத்துத்தான் அடுத்த இடத்துக்கு விடும். படம் பார்க்கும்போது இது தெரியாது, ஏனென்றால் டிவி படத்தையும் அதே அளவு தாமதப்படுத்திப் பொருத்திவிடும். நம் வாயை அது தாமதப்படுத்த முடியாதே.

மாமா சொன்னதில் எனக்கு முழு விஷயமும் விளங்கியது இந்த இடத்தில்தான். "இசை லேட்டா வந்தா பரவாயில்ல கண்ணு, நீ அதைக் கேட்டுட்டுத்தான் பாடப்போறே. உன் குரல்தான் லேட்டா வரக்கூடாது." இசை டிவியிலிருந்து கால் விநாடி தாமதமாக ஸ்பீக்கருக்கு வந்தாலும், நான் கேட்கிற இசையோடு சேர்ந்து பாடுகிறேன், தாளம் ஒட்டும். திரையில் வரிகளின் நிறம் மட்டும் கொஞ்சம் முன்னதாக மாறும், அவ்வளவுதான். குரல் தாமதமானால் எதுவும் ஒட்டாது. ஆகவே குரலும் இசையும் டிவிக்குள் சந்திக்கக் கூடாது. டிவிக்கு வெளியே, ஸ்பீக்கரில் சந்திக்க வேண்டும்.

அதற்கு நாங்கள் செய்தது இதுதான். மைக் சாக்கெட்டும், வெளியிலிருந்து இசையை வாங்கும் ஆக்ஸ் சாக்கெட்டும் உள்ள பார்ட்டி ஸ்பீக்கர் ஒன்று மாமாவிடம் இருந்தது. தனி ரிசீவரோடு வரும் ஒயர்லெஸ் மைக் ஒன்று வாங்கினேன். ரிசீவரின் தடித்த 6.3 மில்லிமீட்டர் பின்னை ஸ்பீக்கரின் மைக் சாக்கெட்டில் சொருகினோம். டிவியின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு ஒயர் ஸ்பீக்கரின் ஆக்ஸ் துளைக்கு. முடிந்தது. யுஎச்எஃப் அனலாக் மைக்கில் தாமதம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் டிஜிட்டல் மைக்கில் சில மில்லிவிநாடிகள் இருக்கும், பாடுகிறவருக்குத் தெரியாது. "ஒயர்லெஸ்" என்ற சொல்லைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். ரிசீவர் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

பலர் செய்கிற ஒரு தப்பு: ரிசீவரை டிவியின் ஹெட்போன் துளையில் மாற்றுப் பின் போட்டுச் சொருகுவது. அந்தத் துளை ஒலியை வெளியே விடுவதற்கு, உள்ளே வாங்குவதற்கு இல்லை. எவ்வளவு முயன்றாலும் மைக் கேட்காது. மைக் பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறவர்களும் உண்டு.

உங்கள் டிவியில் ஹெட்போன் துளை இல்லையென்றால், பெரும்பாலும் ஆப்டிகல் துளை இருக்கும். அதில் சின்ன ஒலி மாற்றிப் பெட்டி ஒன்றைப் போட்டு, அங்கிருந்து ஆக்ஸுக்கு ஒயர் எடுக்கலாம். டிவியின் ஒலி அமைப்பில் டிஜிட்டல் வெளியீட்டை PCM என்று வைக்க வேண்டும். டால்பியில் விட்டால் அந்த விலை குறைந்த பெட்டிகள் ஒன்று மௌனமாக இருக்கும், இல்லாவிட்டால் கரகரக்கும். துளையே வேண்டாம் என்றால், டிவியிலிருந்து ஸ்பீக்கருக்கு இசையை மட்டும் ப்ளூடூத்தில் விடலாம். இசை லேட்டானால் பரவாயில்லை என்று மேலே சொன்னது இதற்கும் பொருந்தும்.

ஸ்பீக்கர் பொருத்தியே வரும் கையடக்க ப்ளூடூத் மைக்குகளிலும் இதே கணக்குதான். அதில் பெரும்பாலும் டிவியிலிருந்து மைக்குக்கு இசைதான் போகிறது, குரல் மைக்கிலேயே கலந்துவிடுகிறது. ஆகவே தாளம் தப்பாது. ஆனால் டிவி தன் ஸ்பீக்கரையும் அணைக்காமல் விட்டால் இசை இரண்டு தடவை கேட்கும், ஒன்றன்பின் ஒன்றாக. இதை எதிரொலி என்று நினைத்து மைக்கைக் குறை சொல்வார்கள். மைக்கில் குரலின் அளவை மட்டும் பூஜ்யத்துக்குக் குறைத்த பிறகும் அந்த இரட்டை இசை கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் டிவியின் சொந்த ஸ்பீக்கரை அமைப்பில் நிறுத்தினால் போதும்.

சரி, தாமதம் போயிற்று. மறுபடி நகத்தால் தட்டினோம், ஒரே "டக்". ஆனால் பாடினால் இன்னும் ஒரு குகைச் சத்தம். இதில் இரண்டு காரணம் இருந்தது. முதலாவது சுலபம்: ஸ்பீக்கரில் "Echo" என்று ஒரு குமிழ் இருக்கிறது, அது பாதியில் திருகி வைத்திருந்தது. விருந்தில் குரலுக்கு மெருகு கொடுக்க அது நல்லதுதான், ஆயாவின் பிறந்தநாளுக்கு நானே திருகிவிட்டேன். தேர்வுக்குப் பழகும்போது பூஜ்யத்தில் வையுங்கள். அது சுருதி லேசாக விலகுவதையும் வார்த்தை முடிவுகள் தேய்வதையும் மறைத்துவிடும். "ழ"வும் "ள"வும் அதில் ஒன்றாகக் கேட்கும், தேர்வில் அதற்குத்தான் மதிப்பெண் போகும்.

இரண்டாவது எங்கள் முன்னறை. டைல்ஸ் தரை, வெறுஞ்சுவர், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிக் கதவு. நடு அறையில் நின்று கை தட்டினால் தட்டின பிறகும் "ட்ரிங்" என்று ஒரு சின்ன மணிச் சத்தம் ஓடியது. படுக்கையறைக் கம்பளத்தைக் கொண்டுவந்து விரித்தோம், கண்ணாடிக் கதவின் திரையை முழுக்க இழுத்து மூடினோம், நான் நிற்கும் இடத்துக்குப் பின்னால் தடித்த போர்வை ஒன்றைத் துணிக்கொடியில் தொங்கவிட்டோம். கைதட்டல் தட்டலோடு நின்றது.

ஊளையிடுவது வேறு விஷயம், அதை எதிரொலியோடு குழப்ப வேண்டாம். எதிரொலி சொன்ன எழுத்தைத் திருப்பிச் சொல்லும். ஊளை ஒரே சுருதியில் நின்று, சத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். ஸ்பீக்கர் ஒலியை மைக் பிடித்து மறுபடி ஸ்பீக்கருக்கே அனுப்புவதால் வருவது அது. ஸ்பீக்கரை டிவிப் பக்கத்தில் மார்பு உயரத்தில் வைத்து, மைக்கின் வால் பக்கம் ஸ்பீக்கரைப் பார்க்கும்படி எதிரே நின்றால் பெரும்பாலும் அடங்கிவிடும். மைக்கை வாய்க்கு இரண்டு விரல் தூரத்தில் பிடித்துக்கொண்டு அதன் ஒலி அளவைக் குறையுங்கள். வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் ஊளை கூடும், டிவியில் வரும் பாடகர்களைப் பார்த்து அப்படிப் பிடிக்கிற பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

ஒரு எல்லையையும் சொல்ல வேண்டும். பாடினதுக்கு மதிப்பெண் போடுகிற ஆப்களுக்குக் குரல் உள்ளே போயே ஆக வேண்டும், வெளியே கலந்தால் அதற்குக் கேட்காது. அப்படி ஒன்றைப் பயன்படுத்தினால், அமைப்பில் உங்கள் குரலை ஸ்பீக்கரில் திருப்பிக் கேட்கவைக்கும் வசதியை அணைத்துவிட்டு, ஸ்பீக்கரில் இசையை மட்டும் கேட்டு மைக்கில் பாடுங்கள்.

இந்த ஏற்பாட்டில் மூன்று வாரம் பழகினேன். முதல் நாலு நாள் மைக்கே இல்லாமல், தொடையில் தாளம் போட்டு, இழுக்கும் பழக்கத்தை விடுவதற்கே போயிற்று. தேர்வு நாளில் கூடம் நீளமானது, பின்சுவர் என்னிடமிருந்து 20 மீட்டர் இருக்கும். ஒலி ஒரு மீட்டர் போக ஏறத்தாழ 3 மில்லிவிநாடி, அப்படியானால் சுவரில் பட்டு என்னிடம் திரும்ப 0.12 விநாடி. வீட்டில் என்னைக் கெடுத்த தாமதத்துக்குப் பக்கத்தில் வருகிறது. பாடுவதற்கு முன் மைக்கை ஒரு தடவை தட்டிக் கேட்டேன். பின்சுவரிலிருந்து அது மெதுவாகத் திரும்பி வந்தது. இசை வருகிற ஸ்பீக்கரைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பி வைக்கலாமா என்று டீச்சரிடம் கேட்டேன். அவரே வந்து திருப்பி வைத்தார். மூன்று அடி முன்னால் போய் அதன் அருகில் நின்று, அதை மட்டும் கேட்டுப் பாடினேன்.