தட்டுக்கு வராத சாப்பாடு

ஜூன் 3, 2025, செவ்வாய்

என் எடை ஏறாமலும் இறங்காமலும் இருக்க ஒரு நாளைக்குச் சுமார் 1,850 கலோரி வேண்டும். 1,450-ல் நிறுத்திக்கொள்கிறேன். 400 கலோரி டெஃபிசிட் என்றால் வாரத்துக்கு 350 கிராம் அளவுக்காவது இறங்க வேண்டும். சில வாரமாக முள் அசையவே இல்லை.

மூன்று வேளையும் தட்டைத் தராசில் வைத்து எடை பார்த்துத்தான் உட்காருகிறேன். அதனால் இன்னும் தட்டைக் குறைப்பதில் அர்த்தமில்லை. நாள் முழுக்க அடுப்படியில் நிற்கிற ஒருத்திக்கு, உட்கார்ந்து சாப்பிடுவதைத் தவிர நின்றுகொண்டே சாப்பிடுவதும் உண்டு. அதை இதுவரை அளந்து பார்த்ததில்லை.

நாளைக்கு ஒரு மூடி போட்ட டப்பா எடுத்து வைக்கப் போகிறேன். வாய்க்குப் போக இருந்தது எல்லாம் அதற்குள் போக வேண்டும். உப்புப் பார்க்க எடுத்தால் அதே அளவு இன்னொரு கரண்டி டப்பாவில். சின்னவன் வைத்த மிச்சம், கை போன கடலை, எல்லாம் டப்பாவில். ராத்திரி பிரித்து எடை போடலாம்.

ஜூன் 4, புதன்

ராத்திரி எல்லாம் முடிந்த பிறகு டப்பாவைத் திறந்தேன். ஒன்றோடொன்று கலந்துவிடும் என்று முன்பே தெரிந்ததால், உள்ளே சின்னச் சின்னக் கிண்ணங்களாக வைத்திருந்தேன்.

பிள்ளைகள் தட்டில் மிஞ்சிய பருப்புச் சோறு 110 கிராம், சுமார் 140 கலோரி. அடுப்பிலிருந்து இறக்கும்போது எடுத்த உருளைக்கிழங்கு வறுவல் 30 கிராம், 60 கலோரி. கடலை டப்பாவைத் திறந்து மூடும்போது கை போன நிலக்கடலை 15 கிராம், 85 கலோரி. பெரியவள் ஓரம் ஓரமாக விட்டுப்போன ரொட்டி, வெண்ணெயோடு, 80 கலோரி. உடைந்த பிஸ்கட் 25 கலோரி. உப்புப் பார்த்தது எல்லாம் சேர்ந்து 40 கிராம், 20 கலோரிகூடச் சரியாக வராது.

கூட்டினால் 410. என் டெஃபிசிட் 400.

1992-ல் வந்த ஓர் ஆய்வைப் பற்றி முன்பு படித்திருந்தேன். எவ்வளவு குறைத்தாலும் எடை குறையவில்லை என்று சொன்னவர்களை அளந்து பார்த்தபோது, அவர்கள் எழுதிக் கொடுத்ததைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சாப்பிட்டிருந்தார்கள். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. கிண்ணங்களைப் பார்த்தபோது எனக்கு அது நன்றாகவே விளங்கியது. ஒரு வாய் என்பது சாப்பாடாக மனதில் பதிவதில்லை. ஆனால் வயிறு கணக்கு வைத்துக்கொள்கிறது.

எனக்கு ஆச்சரியம் கணக்கின் கடைசி வரிதான். ருசி பார்ப்பதுதான் குற்றவாளி என்று பலரும் சொல்வார்கள். என் வீட்டில் அது 20 கலோரி. தண்ணீர் பதத்தில் கொதிக்கிற எதையும் நுனிக் கரண்டியில் நக்கினால் பெரிதாக ஏறாது. எண்ணெயில் பொரிந்தது, வாணலி அடியில் ஒட்டி மொறுமொறுவென்று வருவது, வெண்ணெய் தடவியது, இவற்றில்தான் கவனம் வேண்டும். ஒரு தேக்கரண்டி எண்ணெய் 40 கலோரி. வறுவலில் கடைசியாகச் சுரண்டி எடுக்கிற அந்த அடிப்பகுதி எண்ணெயை முழுக்க உறிஞ்சியிருக்கும்.

ஜூன் 6, வெள்ளி

முதலில் ருசி பார்ப்பதையே எடுத்துக்கொண்டேன். சுலபமானது என்பதால்.

உப்பைக் கண்ணால் போட்டுவிட்டு நாக்கால் சரிபார்ப்பதால்தான் நாலைந்து தடவை கரண்டி வாய்க்குப் போகிறது. இப்போது தயாரான பதத்தில் ஒரு கிலோ வரும் என்றால் 8 கிராம் உப்பு எடை போட்டுப் போடுகிறேன். சமைத்த உணவுக்கு எடையில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்கு உப்பு என்றால் பெரும்பாலோர் நாக்குக்குச் சரியாக வரும். கொஞ்சம் குறைத்துப் போட்டால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். ஏற்கெனவே உப்புள்ள பொருள் எதுவும் சேர்ந்தால் இன்னும் குறைக்க வேண்டும். இறக்குவதற்குச் சற்று முன்பு ஒரே ஒரு தடவை, சிறு தட்டில் அரைத் தேக்கரண்டி ஊற்றி, ஆறவிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் பார்க்கிறேன்.

ஆறவிடுவது முக்கியம். கொதிக்கக் கொதிக்க வைத்தால் நாக்கு சூட்டைத்தான் சொல்லும். அதோடு, திரும்பத் திரும்பப் பார்த்தால் நாக்கு உப்புக்குப் பழகிவிடும். சரியாக இருப்பதும் சப்பென்று தெரியும், இன்னும் ஒரு சிட்டிகை போடச் சொல்லும். ஆக, குறைவாகப் பார்த்தால் சமையலும் நன்றாக வருகிறது.

வறுவலுக்கு வேறு வழி. ஒரு துண்டு எடுத்து நகத்தால் கிள்ளி வெந்ததா என்று பார்த்தால் போதும், சாப்பிட வேண்டியதில்லை. உப்பு பார்க்க வேண்டுமென்றால் அந்த ஒரு துண்டு. அதை எழுதிவிடுகிறேன்.

ஜூன் 9, திங்கள்

மிச்சம்தான் கனமான விஷயம். 140 கலோரி, அதோடு மனசும் சேர்ந்து வரும்.

அத்தை இன்று பார்த்துக்கொண்டே இருந்தார். சின்னவன் தட்டை நான் அப்படியே கழுவ எடுத்துப்போனபோது, "அன்னத்தைக் கீழே போடாதேம்மா" என்றார். அவர் சொன்னதில் எனக்கும் முழு உடன்பாடு. வீணாவதைப் பார்த்தால் எனக்கும் கை நடுங்கும். "போட மாட்டேன் அத்தை, இனிமேல் தட்டில் கம்மியா வைக்கிறேன்" என்றேன்.

யோசித்துப் பார்த்தால் விஷயம் பரிமாறும் இடத்தில்தான் இருக்கிறது. பாத்திரத்தில் மிஞ்சியது நாளைய சாப்பாடு. சீக்கிரம் ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் அடுத்த நாள் நன்றாகச் சூடுபண்ணிச் சாப்பிடலாம். தட்டுக்குப் போய், கை பட்டு, எச்சில் பட்டதற்கு அந்த வாழ்வு கிடையாது. அதற்கு இருப்பது இரண்டே வழி: குப்பை, அல்லது அம்மா.

அதனால் இன்று சின்னவனுக்கு வழக்கமாக வைப்பதில் பாதிதான் வைத்தேன். கேட்டால் இன்னும் உண்டு என்று சொல்லிவிட்டேன். ஒரு தடவை கேட்டான், வைத்தேன். முடித்துவிட்டு "போதும்மா" என்று எழுந்தான். தட்டில் ஒரு கைப்பிடிக்கும் குறைவு. பெரியவளைத் தன் தட்டில் தானே போட்டுக்கொள்ளச் சொன்னேன். அவள் தட்டு துடைத்த மாதிரி வந்தது. ரொட்டியின் ஓரத்தை முதலிலேயே வெட்டி வைத்துவிட்டேன். சுத்தமானது என்பதால் தூளாக்கி வேறு சமையலுக்குப் போகும்.

இன்னொன்று: பிள்ளைகள் சாப்பிடும்போது நானும் என் தட்டோடு உட்காருகிறேன். நான் பசியோடு நிற்கையில் எதிரே பாதித் தட்டுச் சோறு இருந்தால் அது என்னிடம் வரத்தான் செய்யும். சாப்பிட்டு முடித்தவளுக்கு அது வெறும் மிச்சம்.

ஜூன் 13, வெள்ளி

கொறிப்பதற்கு நேரம் உண்டு என்று இந்த வாரம் பக்கத்தில் எழுதி வைத்ததில் தெரிந்தது. காலை பதினொன்றை ஒட்டி, சாயங்காலம் ஐந்தை ஒட்டி. மற்ற நேரத்தில் கடலை டப்பா அதே இடத்தில்தான் இருக்கிறது, கை போவதில்லை.

பதினொன்றுக்குக் காரணம் என் காலை உணவு. எல்லோரையும் அனுப்பிவிட்டு அவசரமாக ஏதோ விழுங்குவது; அதுவும் கலோரி மிச்சம் பிடிக்க மிகக் குறைவாக. மதியச் சமையலின் மணத்தில் நிற்கும்போது வயிறு காலி. ஐந்து மணிக்கும் அதே கதை: மதியச் சாப்பாட்டிலிருந்து வெகு நேரம், ராத்திரிச் சமையல் ஆரம்பம்.

பசியோடு அடுப்படியில் நிற்கிறவளிடம் "கட்டுப்படுத்து" என்று சொல்வதால் ஒன்றும் ஆகாது என்பது என் கருத்து. அதனால் எதிர்த்திசையில் போனேன். இலக்கை 1,450-லிருந்து 1,550-ஆக ஏற்றினேன். பதினொரு மணிக்கு ஒரு அவித்த முட்டை, சுமார் 75 கலோரி. ஐந்துக்கு, கத்தியைக் கையில் எடுப்பதற்கு முன், எடை போட்ட 20 கிராம் நிலக்கடலை, சுமார் 115, ஒரு தம்ளர் தண்ணீரோடு, உட்கார்ந்து. ருசி பார்க்க என்று 50 தனியாக ஒதுக்கிவிட்டேன். மீதி மூன்று வேளைக்கு.

கணக்கில் டெஃபிசிட் 300-ஆகச் சுருங்குகிறது. ஆனால் 400 எழுதி 410 கசிவதைவிட, 300 எழுதி 30 கசிவது நல்லதில்லையா? வீட்டுக்காரரிடம் ராத்திரி இதைச் சொன்னேன். "கூடச் சாப்பிட்டு இளைக்கப் போறியா?" என்று கேட்டார். கூட்டிக் காட்டியதும் தலையாட்டினார்.

ஜூன் 17, செவ்வாய்

நறுக்கும்போது வெள்ளரியும் கேரட்டும் வாய்க்குப் போவதை எழுதுவதில்லை என்று முடிவு செய்தேன். கலோரி அற்பம். எல்லாவற்றையும் எழுதப் போனால் எதையும் எழுத மாட்டோம். கடலை, சீஸ், எண்ணெய் பட்டது, இனிப்பு, இவை நான்கும் ஒரு துணுக்கு என்றாலும் சுவரில் ஒட்டிய தாளில் ஏறும்.

ஜூன் 22, ஞாயிறு

இந்த வாரம் எடை பெரிதாகக் குறையவில்லை, போன வாரச் சராசரி 68.6, இந்த வாரம் 68.5. மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள், உடம்பில் நீர் தங்குகிற நேரம், வியாழக்கிழமை 69.2 கூடக் காட்டியது. ஒரு நாள் முள்ளை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் தினமும் காலையில் பார்த்து வாரச் சராசரி எடுக்கிறேன். 300 டெஃபிசிட்டில் ஒரு வாரத்துக்கு 270 கிராம்தான் எதிர்பார்க்க முடியும். அதை ஒரு கிலோ நீர் சுலபமாக மறைத்துவிடும்.

1,550 இலக்கை மாற்றவில்லை. டப்பாவை மட்டும் மறுபடி எடுத்தேன், ஞாயிறு எப்படியிருக்கிறது என்று பார்க்க. எல்லோரும் வீட்டில், அடுப்பு அணையவே இல்லை. 190 வந்தது. பாதிக்கு மேல் வறுவலின் அடி. ஞாயிற்றுக்கிழமை வறுவலை நான் இறக்கி நேராகப் பரிமாறும் பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு, வாணலியில் உடனே தண்ணீர் ஊற்ற வேண்டும்.

ஜூன் 30, திங்கள்

வாரச் சராசரி 68.0. நீர் வடிந்ததும் இரண்டு வாரத்து இறக்கம் ஒன்றாகத் தெரிந்திருக்கிறது.

சின்னவனுக்கு சனிக்கிழமையிலிருந்து காய்ச்சல். எதைக் கொடுத்தாலும் இரண்டு வாய்தான். இந்த மாதிரி நாட்களில் பாதி வைப்பதும் அதிகம். ஒரு கரண்டி வைத்து, கேட்டால் இன்னொரு கரண்டி. மிச்சத்தை எடுத்ததும் சிங்க் பக்கம் நின்று வாய்க்குக் கொண்டுபோகாமல் மூடியுள்ள குப்பைக்கூடையில் தட்டிவிடுகிறேன். காய்ச்சல் பிள்ளையின் எச்சில் என்பதாலும்தான். அத்தையும் ஒன்றும் சொல்லவில்லை.

1,550 அப்படியே தொடர்கிறது. அடுத்த டப்பா நாள் விருந்தாளிகள் வருகிற ஞாயிற்றுக்கிழமை.