இரண்டு பேர் ஒருவரான இரவு

உப்பளத் தொழிலாளர்களின் வாய்மொழி வாக்குமூலங்களைத் தொகுத்த ஒரு புத்தகத்திற்கு நான் பிரதி சீர்செய்பவனாக வேலை பார்த்தேன். 380 பக்கங்கள். பேசியவர்கள் அனைவரும் முன்பணக் கடனைப் பற்றியும் ஒப்பந்தக்காரர்களைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார்கள். அதனால் ஒருவருடைய உண்மைப் பெயர்கூட அச்சில் வரக் கூடாது என்பது அவர்களுக்குக் கொடுத்த வாக்கு. களப்பணி செய்த அக்கா சுமார் 140 பெயர்களுக்கு மாற்றுப் பெயர்கள் எழுதித் தந்தார். மாற்றுப் பெயர்களும் அந்த ஊர்களில் புழங்கும் பெயர்களாகவே இருக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். இங்கே நான் சொல்லும் பெயர்கள் அந்தப் பட்டியலில் இருந்தவை அல்ல, விளக்கத்திற்காக எடுத்துக்கொண்டவை.

பட்டியலின் மேலிருந்து தொடங்கி ஒவ்வொரு பெயராகத் தேடி மாற்றினேன். நான்காவது வரியில் முருகன் வேலன் ஆனான். முப்பத்தொன்றாவது வரியில் வேலன் கதிரவன் ஆனான். மறுநாள் படித்தபோது ஒரு பக்கத்தில் இப்படி ஒரு வாக்கியம் இருந்தது: “கதிரவன் வாங்கிய கடன் கதிரவன் கொடுத்ததுதான்.” மூலத்தில் அவர்கள் இரண்டு பேர். முதலில் வேலனாக மாறிய முருகனை, முப்பத்தொன்றாவது வரி உண்மையான வேலன் என்று நினைத்துப் பிடித்துக்கொண்டுவிட்டது. ஒருவன் பட்ட கடனும் இன்னொருவன் கொடுத்த கையும் ஒரே ஆளின் கதையாகிப்போனதைப் பார்த்து எனக்கு உடம்பு பதறியது. திருப்பி மாற்றவும் வழியில்லை. கதிரவன் என்று நிற்பதில் எது முருகன், எது வேலன் என்ற தகவலே கோப்பில் அழிந்துவிட்டிருந்தது. மூலக் கோப்பின் நகல் தனியாக இருந்ததால்தான் பிழைத்தோம்.

பட்டியலைக் கீழிருந்து மேலாக ஓட்டினால் போதாதா என்று முதலில் தோன்றியது. வேலனை முன்னதாகக் கதிரவனாக்கிவிட்டுப் பிறகு முருகனை வேலனாக்கினால் இந்தச் சங்கிலி அறுந்துவிடும். ஆனால் பட்டியலில் ஓரிடத்தில் ராணி செல்லம்மாளாகவும், செல்லம்மாள் ராணியாகவும் மாற வேண்டியிருந்தது. இப்படி வட்டமாகச் சுற்றும் இடத்தில் எந்த வரிசையும் உதவாது. முதல் சுற்றில் ஒவ்வொரு பெயரையும் «017» போன்ற குறியாக்கி, இரண்டாம் சுற்றில் குறிகளைப் பெயராக்கலாம்; நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கு இன்றும் நான் சொல்வது அதுதான். 140 பெயர்களுக்கு 280 தடவை தேட வேண்டும் என்பதுதான் அதன் சுமை.

நான் தேர்ந்தெடுத்த வழி, பிரதியை ஒரே ஒரு முறை மட்டும் இடமிருந்து வலமாகப் படிப்பது. எல்லாப் பெயர்களையும் “இது அல்லது இது அல்லது இது” என்று ஒரே தேடல் வடிவமாகக் கோத்துவிட வேண்டும். ஏதேனும் ஒரு பெயர் தட்டுப்பட்டால், அதன் மாற்றுப் பெயர் வேறொரு புதிய பிரதியில் எழுதப்படும். தேடல் மூலத்தில் அடுத்த எழுத்துக்கு நகரும். தேடுவது எப்போதும் மூலத்தில்தான், எழுதுவது புதிய பிரதியில்தான். எழுதியதை யாரும் திரும்பப் பார்ப்பதில்லை என்பதால் மாறியது மீண்டும் மாறாது. பைத்தான் நிரலில் அது இப்படி வரும்:

```python
import re, unicodedata
text = unicodedata.normalize("NFC", text)
words = sorted(table, key=len, reverse=True)
pat = re.compile(r"(?<![\u0B80-\u0BFF])(?:"
                 + "|".join(map(re.escape, words)) + ")")
text = pat.sub(lambda m: table[m.group()], text)
```

`table` என்பது பழைய பெயரையும் புதிய பெயரையும் வைத்திருக்கும் அகராதி. இரண்டாவது வரி ஏன் என்றால், ‘கோமதி’யின் ‘கோ’வைச் சில கோப்புகள் ஒற்றைக் குறியீடாகவும் சில கோப்புகள் கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கின்றன. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும். தேடலுக்கு வேறு வேறு. பட்டியலின் பெயர்களையும் இதே வடிவத்திற்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

நீளமான சொல்லை முன்னால் வைப்பது அதைவிட முக்கியம். பைத்தானின் தேடல், கோத்த வரிசையில் முதலில் பொருந்துவதை எடுத்துக்கொள்ளும். ‘முத்து’ முன்னால் இருந்தால் முத்துலட்சுமியின் பாதிப் பெயர் மட்டும் மாறும். தூத்துக்குடிப் பக்கத்துப் பேச்சில் ‘முத்துக்குளித்தல்’ வராமல் இருக்குமா? அதற்காக ‘முத்துக்குளி’ என்பதை அதே சொல்லாகவே மாற்றும்படி பட்டியலில் சேர்த்தேன். ‘முருகன் கோயில்’ என்பதையும் அப்படியே. மாறக் கூடாததைத் தனக்குத்தானே மாற்றாக வைப்பது இந்த முறையில் நல்ல காவல்: நீளமான அந்தச் சொல் முதலில் பிடிபட்டுவிடுவதால், குட்டிப் பெயர் அதைத் தொட முடியாது.

சொல் எல்லைதான் அதிக நேரத்தை எடுத்தது. ஆங்கிலத்திற்குச் சொல்லித்தரும் `\b` குறி தமிழுக்கு ஆகாது. பைத்தானின் `re` தொகுதி புள்ளியையும் உயிர்க்குறிகளையும் சொல்லின் உறுப்பாகக் கருதுவதில்லை. ‘கல்’ என்ற சொல்லில் ‘ல’வுக்கும் புள்ளிக்கும் நடுவிலேயே ஒரு சொல் எல்லை இருப்பதாக நினைத்துக்கொள்ளும். அதனால்தான், முன்னால் எந்தத் தமிழ்க் குறியீடும் இருக்கக் கூடாது என்று நானே எழுதினேன். ‘கண்மணி’க்குள் இருக்கும் ‘மணி’ அப்படித் தப்பித்தது. ஆனால் ‘சின்னமுருகன்’ என்று சேர்த்து எழுதிய பெயரும் மாறாமல் நின்றுவிட்டது; அதற்குத் தனி வரி தேவைப்பட்டது.

வலப்பக்கத்தை மூட முடியாது, வேற்றுமை உருபுகள் அங்கேதான் வந்து ஒட்டுகின்றன. ‘முருகன்’ என்று தேடினால் ‘முருகனை’ கிடைக்காது, ஏனென்றால் உருபு வந்ததும் ‘ன்’ மேலிருந்த புள்ளி போய்விடுகிறது. எனவே புள்ளியை விட்டுவிட்டு ‘முருகன’ என்று தேடி ‘வேலன’ என்று மாற்றினேன்; ‘முருகன் கோயில்’ வரியிலும் கடைசிப் புள்ளியை எடுத்துவிட்டேன். பின்னால் புள்ளி வந்தாலும் ‘ஐ’ வந்தாலும் அது புதிய பெயரோடு தானாகச் சேர்ந்துகொண்டது. இதற்கு மாற்றுப் பெயரும், உருபு வந்தால் புள்ளி மட்டும் போகும் எழுத்தில் முடிய வேண்டும். அக்காவின் பட்டியலில் முருகனுக்கு ‘மணி’ என்று இருந்திருந்தால் ‘முருகனை’யை ‘மணியை’ ஆக்க இன்னொரு வரி வேண்டியிருக்கும். செல்வம் போன்ற பெயர்களுக்கு இரண்டு வரிகள்: ‘செல்வம’ ‘சுந்தரம’ ஆகவும், ‘செல்வத்த’ ‘சுந்தரத்த’ ஆகவும் மாற வேண்டும். இரண்டாவதை மறந்தால் ‘செல்வத்திடம்’ உண்மைப் பெயரோடு அச்சுக்குப் போய்விடும்.

நடந்த ஒவ்வொரு மாற்றத்தையும், அதன் முன்னும் பின்னும் இருபது எழுத்துகளோடு ஒரு தனிக் கோப்பில் எழுதவைத்தேன். பெயர் மூலத்தில் எத்தனை தடவை வருகிறது என்று வெறுமனே எண்ணிய தொகையும், அந்தக் கோப்பில் மாறியதாகப் பதிவான தொகையும் ஒத்துப்போகாத இடங்களைத்தான் முதலில் பார்த்தேன். ‘சின்னமுருகன்’ அகப்பட்டது அப்படித்தான்.

கடைசியாக அக்கா அச்சுப்படியை எடுத்துக்கொண்டு, மூலப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் படித்தார். ஒரு தாய் பேசும் பக்கத்தில் நின்றார். “முருகா, முருகா” என்று அந்த அம்மா இரண்டு தடவை கூப்பிடுகிறார். விளி வடிவத்தை நான் பட்டியலில் சேர்க்கவில்லை. தொகைகளைச் சரிபார்த்தபோதும் ‘முருகன’ என்று எண்ணியதால் அது கண்ணில் படவில்லை. உடனே சேர்த்துவிடுகிறேன் என்றேன். அக்கா தடுத்தார், அன்று எதிரில் உட்கார்ந்து கேட்டவர் அவர். முதல் முருகா பாத்தியில் விழுந்து கிடந்த மகன், இரண்டாவது சாமி என்றார். முதலாவதை மட்டும் கையால் ‘வேலா’ என்று மாற்றினோம்.