முதல் போனிலேயே சம்பளத்தைச் சொல்லிவிடுகிறேன்

எங்களுடையது 18 பேர் வேலை பார்க்கும் சிறிய நிறுவனம். ஆள் எடுப்பதற்கென்று தனி எச்.ஆர். கிடையாது. விண்ணப்பங்களைப் படிப்பது, முதலில் போனில் பேசுவது, அடுத்த சுற்றுக்கு அனுப்புவது எல்லாம் நான்தான். இரண்டு வருடங்களுக்கு முன்னால் மூத்த கணக்காளர் ஒருவரைத் தேடினோம். அந்தத் தேடலில் பட்ட பாட்டில்தான் என் வழக்கம் மாறியது.

உண்மையான தொகைகளை இங்கே எழுதவில்லை. அந்த வேலைக்கு எங்களால் தர முடிந்த அதிகபட்ச ஆண்டுச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் எண்கள் எல்லாம் அந்தக் கணக்கில்தான்.

முதலில் 9 பேரிடம் தலா அரை மணி நேரம் பேசினேன். யாரிடமும் சம்பளப் பேச்சை எடுக்கவில்லை. ஆளைப் பிடித்துவிட்டால் பணத்தைப் பிறகு பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நாம் முதலில் தொகையைச் சொன்னால் பேரத்தில் நம் கை தாழ்ந்துவிடும் என்ற பயமும் இருந்தது. அவர்களும் கேட்கவில்லை. முதல் போனிலேயே சம்பளம் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று பெரும்பாலானோர் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தைப் போக்க வேண்டியது வேலை கொடுக்கிறவர்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நால்வருக்கு ஒரு செய்முறைத் தேர்வு கொடுத்தோம். ஒரு மாதத்து வங்கிப் பட்டியலையும் நம் பேரேட்டையும் ஒப்பிட்டு, வேண்டுமென்றே வைத்த மூன்று பிழைகளைக் கண்டுபிடிக்க வேண்டும். அதில் ஒருவர் மூன்றையும் பிடித்ததோடு, எங்களுக்கே தெரியாமல் இருந்த நான்காவது பிழையையும் எடுத்துக் காட்டினார். ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் போயிருந்தது. அன்றே மனதுக்குள் அவரை எடுத்துவிட்டேன். இரண்டு பேர் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் நேர்காணல் செய்தோம். அதன் பிறகு என் பங்குதாரரும் அவருடன் ஒரு மணி நேரம் பேசினார். எல்லாம் முடிந்த பிறகு எதிர்பார்ப்பு என்ன என்று கேட்டேன்.

"இப்போதே 112 வாங்குகிறேன் சார். 125 இருந்தால் மாறலாம் என்று இருக்கிறேன்."

எங்கள் உச்சவரம்பு 100 என்றேன். கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. "இதை முதல் நாளே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் சார். அந்தத் தேர்வுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தேன்" என்றார். அவர் சொன்னதில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் ஒருவருக்காக எங்கள் பக்கம் போன் அரை மணி, தேர்வைத் திருத்த ஒரு மணி, இரண்டு பேர் நேர்காணலுக்கு மூன்று மணி, பங்குதாரருக்கு ஒரு மணி என ஐந்தரை மணி நேரம் போயிருந்தது. கடைசிச் சுற்றுக்கு வந்த இன்னொருவரின் எதிர்பார்ப்பு 118. ஆக, ஏழு வாரம் கழித்துக் கையில் யாரும் இல்லை. தள்ளிவிட்ட மற்றவர்களில் இருவர் எங்கள் வரம்புக்குள் வந்திருக்கக் கூடியவர்கள். திரும்பக் கூப்பிட்டபோது அவர்கள் வேறு இடத்தில் சேர்ந்துவிட்டிருந்தார்கள்.

சரி, அடுத்த தடவை முதலிலேயே சொல்லிவிடுவோம் என்று முடிவு செய்தேன். சொல்ல உட்கார்ந்தால், சொல்வதற்கு என்னிடம் எண்ணே இல்லை. பங்குதாரர் மனதில் 90 இருந்தது, என் மனதில் 100. இருவரும் அதுவரை இதைப் பேசிக்கொண்டதே இல்லை. "நல்ல ஆள் வந்தால் பார்த்துக்கலாம்" என்பதுதான் எங்கள் பட்ஜெட்டாக இருந்திருக்கிறது. பேசி, 85 முதல் 100 வரை என்று எழுத்தில் வைத்தோம்.

எழுதி வைத்ததும் இன்னொரு சங்கடம் வந்தது. அதே பிரிவில் நான்கு வருடமாக இருக்கும் ஒருவர் 82 வாங்கிக்கொண்டிருந்தார். புதிதாக வருகிறவருக்கு ஆரம்பமே 85 என்று வெளியே சொல்லிக்கொண்டு, உள்ளே இருப்பவரை 82-இல் வைத்திருப்பது எந்த விதத்திலும் நியாயமில்லை. எப்படியும் ஒரு நாள் அவர் காதுக்குப் போகும். முதலில் அவருடைய சம்பளத்தை 91 ஆக்கினோம், அப்புறம்தான் விளம்பரம் கொடுத்தோம். இதற்கே மூன்று வாரம் ஆனது. வரம்பைச் சொல்லத் தயங்கும் பல நிறுவனங்களில் உண்மையான தடை இதுதான் என்பது என் எண்ணம். வெளியாளிடம் பேரம் தோற்பதைவிட, உள்ளே இருப்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயம்தான் பெரிது.

இப்போது முதல் போனில் இரண்டு மூன்று நிமிடம் வேலையைப் பற்றிச் சொல்கிறேன். என்ன பொறுப்பு, யாருக்கு ரிப்போர்ட் செய்ய வேண்டும், எப்போது ஆள் தேவை, அவ்வளவுதான். அடுத்தபடியாக, அவர் தன்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பிக்கும் முன்பே, சம்பளத்துக்கு வந்துவிடுகிறேன். "இந்த வேலைக்கு நாங்கள் ஒதுக்கியிருப்பது 85 முதல் 100 வரை. உங்கள் எதிர்பார்ப்பு இதற்குள் வருமா?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வேன். ஆரம்பத்தில் அந்த மௌனம் தாங்காமல், "கொஞ்சம் முன்னே பின்னே பேசலாம்" என்று நானே சேர்த்துவிடுவேன். அந்த ஒரு வரி அதுவரை சொன்னதையெல்லாம் கெடுத்துவிடும். கேட்பவர் 100-ஐ மறந்து 115-ஐ நினைக்க ஆரம்பித்துவிடுவார்.

"பேசிக்கலாம் சார்", "எனக்கு வேலைதான் முக்கியம்" என்று பதில் வந்தால் அதை நான் சம்மதமாக எடுத்துக்கொள்வதில்லை. "100-க்கு மேல் எங்களால் போக முடியாது. 100 என்று ஆஃபர் வந்தால் சேர்வீர்களா?" என்று இன்னொரு முறை நேராகக் கேட்பேன். இந்த இரண்டாவது கேள்வியில்தான் பலரும் உண்மையான தொகையைச் சொல்கிறார்கள்.

இவ்வளவு செய்தும் இரண்டாவது தேடலில் ஒரு கோளாறு நடந்தது. ஒருவர் 95 சரி என்றார், எல்லாச் சுற்றும் முடித்தார், ஆஃபர் போனதும் திகைத்துப் போய்க் கூப்பிட்டார். அவர் 95 என்று நினைத்தது பிடித்தமெல்லாம் போகக் கையில் வரும் தொகை. நான் சொன்னது பிடித்தத்துக்கு முந்தைய தொகை. இருவரும் ஒரே எண்ணைச் சொல்லி, வேறு வேறு பணத்தைப் பேசியிருக்கிறோம். அதிலிருந்து, "ஆண்டுக்கு, வரியும் மற்ற பிடித்தங்களும் போவதற்கு முன், நிலையான சம்பளம் மட்டும், போனஸ் இதில் சேராது" என்று முழுதாகச் சொல்கிறேன். கேட்பவருக்கு அது நீளமாக இருந்தாலும் பரவாயில்லை. போன் முடிந்ததும் அதையே இரண்டு வரி மெயிலாகவும் அனுப்பிவிடுவேன்.

வரம்பு என்று சொன்னால் மனிதர் காதில் மேல் எண்தான் விழும் என்பதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அதே தேடலில் ஒரு பெண்மணிக்கு 88 கொடுத்தோம். எங்கள் அளவுகோலில் அது சரியான தொகை. ஆனால் முதல் நாளிலிருந்து அவர் 100-ஐ மனதில் வைத்திருந்தார். "எங்கே குறைந்தேன் சார்?" என்று கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை. அவர் சேரவில்லை. இப்போது வரம்போடு காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். மாத முடிவுக் கணக்கைத் தனியாக முடிக்கத் தெரிந்தவருக்கு 85-லிருந்து 90 வரை. ஆண்டுத் தணிக்கையை முன்னின்று நடத்திய அனுபவமும், கீழே இரண்டு பேரை வைத்து வேலை வாங்கிய அனுபவமும் இருந்தால் 95-க்கு மேல். கேட்டவுடன் தான் எங்கே நிற்கிறோம் என்று அவர்களே ஓரளவு கணித்துவிடுகிறார்கள். தேர்வுச் சுற்று முடிந்ததும், "நீங்கள் 90 பக்கம் வருவீர்கள் என்று நினைக்கிறேன், தொடரலாமா?" என்று நானும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

எவ்வளவு இடைவெளி இருந்தால் நிறுத்துவது? 105 கேட்டால் தொடர்கிறேன். விடுப்பு, வேலை நேரம், பயணம் இவற்றில் ஏதாவது ஒன்று அந்த ஐந்தை ஈடுகட்டலாம். ஆனால் பேச்சு 100-ஐத் தாண்டாது என்பதைச் சொல்லிவிட்டே தொடர்கிறேன். 120 என்றால் அங்கேயே நிறுத்திவிடுகிறேன். வேலை பிடித்துப்போய் 20 குறைவாக வாங்கிக்கொண்டு வர ஒருவர் தயாராக இருக்கலாம். ஒரே ஒரு முறை அப்படி ஒருவரை எடுத்தோம். ஐந்தாவது மாதம், பழைய சம்பளத்துக்கே வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். அவர்மேல் குற்றமில்லை, வீட்டுச் செலவு குறையவில்லையே.

வாங்கும் சம்பளம் என்ன என்று நான் இப்போது யாரிடமும் கேட்பதில்லை. 2023-இல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த ஊதிய வெளிப்படைத்தன்மை வழிகாட்டுச் சட்டமும் இதையேதான் சொல்கிறது. ஆரம்பச் சம்பளத்தையோ வரம்பையோ வேலை கொடுப்பவர் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், விண்ணப்பிப்பவரின் பழைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது. எங்களை எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் வரம்பு கையில் இருக்கும்போது அந்தக் கேள்வியே தேவைப்படவில்லை.

இரண்டாவது தேடலில் 11 பேரிடம் பேசினேன். நால்வருடன் பேச்சு பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. அவர்களில் ஒருவர் நன்றி சொல்லி, தன்னோடு முன்பு வேலை பார்த்த ஒருவரிடம் எங்கள் எண்ணைக் கொடுத்தார். அப்படிக் கூப்பிட்டவரிடம் வழக்கம்போல வரம்பைச் சொன்னேன். அவர் தயங்கித் தயங்கி, "நான் 70 கேட்கலாம் என்றுதான் இருந்தேன்" என்றார். பழைய நானாக இருந்தால் 72 கொடுத்து, மிச்சம் பிடித்தேன் என்று சந்தோஷப்பட்டிருப்பேன். "இந்த நாற்காலிக்கு ஆரம்பமே 85 தான், அதற்குக் கீழே கிடையாது" என்றேன். தேர்வில் மூன்று பிழைகளையும் பிடித்தார். 89-க்குச் சேர்ந்தார். எங்கள் மாத முடிவுக் கணக்கை இன்று முடித்துத் தருவது அவர்தான்.