காலியில் கிடைத்த கல்லும் நாலு வரி அரபியும்

“விளக்கப் பலகைக்குச் சும்மா நாலு வரிதாங்க, அரபியில போட்டுத் தாங்க” என்று வாட்ஸ்ஆப்பில் ஒரு படம் வந்து விழும். கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் மும்மொழிக் கல்வெட்டு. 1409 தேதியிட்டு, சீனத் தளபதி செங் ஹ இலங்கைக்குக் கொண்டுவந்தது. 1911-இல் இலங்கையின் காலி நகரில் கண்டெடுத்தபோது மதகு ஒன்றுக்கு மூடியாகக் கிடந்ததாம்.

அடுத்த தகவலும் உடனே வரும்: “கல்லுலயே அரபி இருக்கே, பாத்து எழுதிட்டா போச்சு.” போகாது. எழுத்துதான் அரபி, மொழி பாரசீகம். போன் கேமராவும் எழுத்தைப் பார்த்து அரபி என்றே நம்பி ஏதோ உளறும். அதோடு, மூன்று மொழியும் ஒரே ஆளைப் புகழவில்லை. சீனம் புத்தரை, தமிழ் விஷ்ணுவின் வடிவான தெனவரை நாயனாரை, பாரசீகம் இஸ்லாத்தைப் போற்றுகிறது. ஒன்றைப் பார்த்து இன்னொன்றை நிரப்பினால் காணிக்கை வேறு சாமிக்குப் போய்விடும்.

விளக்கப் பலகையில் “இக்கல்வெட்டு காலியில் கண்டெடுக்கப்பட்டது” என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொழிபெயர்ப்பு இயந்திரம் ஊரைத் தொலைத்துவிட்டு, கல் காலியாகக் கிடைத்ததாகச் சொல்லும். நம் ‘காலி’யே அரபு ‘ஃகாலீ’யிலிருந்து வந்ததுதான், அதனால் ஆசையாக அதையே போட்டுவிடுகிறது. ஊர்ப்பெயரை ‘கைன்’ எழுத்தில் தொடங்கி எழுதுவோர் உண்டு. அப்படி எழுதினால் ‘விலை உயர்ந்தது’ என்றும் படிக்கலாம். முன்னால் ‘மதீனத்’ (நகரம்) சேர்த்துவிட்டால் இரண்டு வம்பும் தீரும்: “உஸிர அலா ஹாதன் நக்ஷி ஃபீ மதீனத்தி காலீ”. ‘உஸிர அலா’ என்பதே அருங்காட்சியக நடை. ‘லகைனா’ என்று எழுதினால் தொலைந்த செருப்பு கிடைத்த தொனி வரும்.

விஷ்ணுவுக்கு ‘அல்லாஹ்’ என்று போடக் கூடாது. எகிப்திய அருங்காட்சியகங்களில் ‘அல்-இலாஹ் ஆமூன்’ என்று எழுதுவதுபோல ‘அல்-இலாஹ் ஃபிஷ்னு’ போதும். நாயனார் பெயரை மொழிபெயர்க்காமல் ஒலிப்படியே விடுங்கள்.

காணிக்கைப் பட்டியலில் 1000 பொன், 5000 வெள்ளி. இங்கே பலரும் பன்மை போட்டு வழுக்குவார்கள். 5000-க்கு ‘கம்ஸத்து ஆலாஃப்’ என்று ஆயிரம்தான் பன்மையாகும், பின்னால் வரும் ‘துண்டு’ என்ற சொல் ‘கித்ஆ’ என்று ஒருமையிலேயே நிற்கும். நாமும் “ஐயாயிரம் காசு” என்றுதானே சொல்கிறோம்? வாசனை எண்ணெய் 2500 கேட்டி, அது சீன எடை அளவு. நம் ராத்தலுக்கு மூலம் அரபு ‘ரத்ல்’ என்பதற்காக அதைப் போடாதீர்கள், அளவு வேறு. ‘காத்தீ’ என்றே எழுதி, கிட்டத்தட்ட 600 கிராம் என்று அடைப்புக்குறியில் சொல்லிவிடலாம்.

எல்லாம் சரியாக இருந்தாலும் அச்சகத்தில் ஒரு கண்டம் உண்டு. பழைய வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டினால் எழுத்துகள் பிரிந்து, இடமிருந்து வலமாகத் திரும்பி நிற்கும். அரபி தெரியாதவரும் கண்டுபிடிக்கலாம்: ‘மத்ஹஃப்’ (அருங்காட்சியகம்) நான்கு எழுத்து, நான்கும் கைகோத்து ஒரே கோடாக வர வேண்டும். தனித்தனியே நின்றால், பலகையை ஆணி அடிக்க விடாதீர்கள்.